குளத்துப் பச்சையில் உயிருள்ளது எவ்வளவு?

கோவை, திருப்பூர் வட்டாரக் குளங்களின் நீர்த்தர அறிக்கைகளில் ‘குளோரோபில்-ஏ’ என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று ஓர் எண்ணும், அதையடுத்து குளத்தில் ஊட்டச்சத்து எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ‘ஊட்டமிகு நிலை’ அல்லது ‘மிகையூட்ட நிலை’ என்று ஒரு வகைப்பாடும் இருக்கும். அறிக்கை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வகைப்பாட்டை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த எண், இறந்த பாசியின் பங்கைக் கழிக்கும் அமிலத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நம் பக்கத்து ஆழமற்ற குளங்களைப் பொறுத்தவரை, வகைப்பாட்டையே மாற்றக்கூடிய கேள்வி அது.

கழிவுநீரோடு வரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிகளை வளர்க்கின்றன. எல்லாப் பாசிகளிலும் குளோரோபில்-ஏ என்னும் பச்சை நிறமி உண்டு என்பதால் அதை அளந்தால் பாசியின் அளவை மதிப்பிடலாம். பாசி செத்தால் அந்த நிறமி உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்று, ஃபியோபைட்டின் என்னும் மங்கிய பழுப்புப் பச்சைப் பொருளாக அது சேற்றில் தங்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதால், நிறமாலைமானியில் ஒருமுறை மட்டும் அளந்தால் இறந்த பாசியும் உயிருள்ள பாசியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதைப் பிரிக்கும் வழியை 1967-இல் லோரன்சன் வகுத்தார். அளவறிந்த நீரைக் கண்ணாடியிழை வடிதாளில் குறைந்த உறிஞ்சழுத்தத்தில் வடிக்க வேண்டும். வடித்து முடியும் தறுவாயில் மக்னீசியம் கார்பனேட் கலவையைச் சில துளிகள் விட்டால், நிறமி அமிலத்தால் சிதையாமல் இருக்கும். பிறகு வடிதாளை 90 சதவீத அசிட்டோனில் அரைத்து, இருட்டில், குளிர்பெட்டியில் ஊறவைத்து, மையவிலக்கில் சுழற்றித் தெளிந்த சாற்றை எடுக்கிறோம். அதை 750, 664 நானோமீட்டர்களில் அளந்துவிட்டு, 3 மில்லி சாற்றுக்கு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.1 மில்லி சேர்த்து, 90 விநாடி கழித்து 750, 665 நானோமீட்டர்களில் மறுபடி அளக்க வேண்டும். 750-இல் வரும் மதிப்பு கலங்கலுக்கானது. அதை இரண்டு அளவீட்டிலும் கழித்துவிட வேண்டும். அமிலம் பட்டதும் உயிருள்ள நிறமியும் ஃபியோபைட்டினாக மாறி உறிஞ்சுதல் குறைகிறது. ஏற்கெனவே ஃபியோபைட்டினாக இருந்தது குறைவதில்லை. ஆகவே எவ்வளவு குறைந்தது என்பதே உயிருள்ள பங்கைக் காட்டுகிறது. முன்னளவைப் பின்னளவால் வகுத்தால், முழுக்கப் புதிய நிறமிக்கு 1.7-உம், முழுக்கச் சிதைந்ததற்கு 1.0-உம் வரும்.

நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் பெறும் ஒரு குளத்தில் ஆடி மாதம் எடுத்த மாதிரியைப் பார்ப்போம். வடித்தது 200 மில்லி, சாறு 10 மில்லி, சாற்றை ஊற்றி அளக்கும் சிறு கலமான குவெட்டின் அகலம் 1 செ.மீ. கலங்கலைக் கழித்தபின் அமிலத்துக்கு முன் 0.126, பின் 0.096.

```
Chl a = 26.7 × (664b − 665a) × V1 / (V2 × L)
      = 26.7 × 0.030 × 0.010 / (0.0002 × 1)
      = 40 µg/L
```

இங்கே 664b, 665a என்பவை அமிலத்துக்கு முன்னும் பின்னும் வந்த மதிப்புகள், L குவெட்டின் அகலம்; சாற்றின் அளவான V1 லிட்டரிலும், வடித்த நீரின் அளவான V2 கனமீட்டரிலும் இருக்க வேண்டும். இதே சாற்றை அமிலம் சேர்க்காமல், மூன்று அலைநீளங்களைக் கொண்டு கணக்கிடும் பழக்கமான சமன்பாட்டில் போட்டபோது 71 வந்தது. கார்ல்சன் 1977-இல் தந்த ஊட்டநிலைக் குறியீட்டில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம்.

```
TSI(CHL) = 9.81 × ln(Chl a) + 30.6
71 → 72.4
40 → 66.8
```

இந்தக் குறியீட்டில் 50 முதல் 70 வரை ஊட்டமிகு நிலை என்றும், 70-க்கு மேல் மிகையூட்ட நிலை என்றும் கொள்வது வழக்கம். ஒரே குப்பிச் சாறு, இரண்டு வகைப்பாடு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீரின் தெளிவை அறிய உள்ளே இறக்கிப் பார்க்கும் செச்சி தட்டு அன்று 0.4 மீட்டரில் மறைந்தது. அதற்கான குறியீடு 73.2. திருத்தாத 72.4 இதனோடு அழகாகப் பொருந்துகிறது; ‘தண்ணீர் கலங்கியிருப்பது பாசியால்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். திருத்திய 66.8 பொருந்துவதில்லை, அந்தப் பொருந்தாமைதான் உண்மையைச் சொல்கிறது. தட்டின் குறியீடு குளோரோபில் குறியீட்டைவிட மேலே நின்றால், ஒளியை மறைப்பதில் பாசியல்லாத துகள்களுக்கும் பங்குண்டு. நம் விகிதமும் 1.31 மட்டுமே. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்று, ஆழமில்லாத குளத்தின் அடிச்சேற்றையும் அதிலுள்ள பழைய நிறமியையும் கலக்கிவிட்டிருந்தது.

விகிதம் குறைந்தாலே சேறுதான் காரணம் என்று முடிவுகட்டவும் கூடாது. மாதிரியை வெள்ளைக் கேனில் பிடித்து, வெயிலில் நின்ற வண்டியில் வைத்து மாலையில் ஆய்வகம் கொண்டுவந்தாலும் விகிதம் இறங்கும். ஆகவே ஒரு பகுதியைக் கரையிலேயே வடித்து, வடிதாளை அலுமினியத் தாளில் சுற்றிப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன குளத்தில் கரையில் வடித்ததற்கும் 1.33 தான் வந்தது. ஆகவே பயணத்தில் கெட்டதல்ல. ஆய்வகத்திலும் ஒரு பொறி இருக்கிறது: குவெட்டைச் சரியாக அலசாவிட்டால், தங்கிய அமிலம் அடுத்த சாற்றை அளக்கும் முன்பே மாற்றிவிடும். முதல் மாதிரி 1.6 காட்டி, அதன்பின் வந்தவையெல்லாம் 1.1 பக்கம் ஒட்டிக்கொண்டால் குளத்தைக் குறை சொல்ல வேண்டாம். குவெட்டைக் கழுவினால் போதும். (குவெட் கண்ணாடியாகவே இருக்கட்டும், மலிவான பாலிஸ்டைரீன் அசிட்டோனில் மங்கிப்போகும்.)

திருத்தத்துக்கும் எல்லை உண்டு. குளோரோபில்-பி நிறைந்த பச்சைப் பாசிகள் மிகுந்த நீரில், அமிலம் அந்த நிறமியையும் மாற்றுவதால் ஃபியோபைட்டின் சற்றுக் கூடுதலாகவும் குளோரோபில்-ஏ சற்றுக் குறைவாகவும் காட்டும். தவிர, மேற்கண்ட கணக்கில் உறிஞ்சுதலில் 0.001 பிசகினால் விடை 1.3 மைக்ரோகிராம் நகரும். ஆகவே 40.05 என்று தசமத்தோடு எழுதுவதில் பொருளில்லை.

மாதிரி எடுக்கும் இடமும் அளவுக்கு மேல் ஆட்டம் காட்டும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற மிதக்கும் நீலப்பச்சைப் பாசி, மேல்காற்றில் கிழக்குக் கரையில் ஒதுங்கி ஏடு கட்டும். அந்த ஏட்டில் மொண்ட நீர் கரையின் கணக்கையே சொல்லும், குளத்தின் கணக்கையல்ல. காலமும் அப்படியே. வடகிழக்குப் பருவமழையில் நொய்யலில் புதுவெள்ளம் வந்து குளம் நிரம்பினால் பாசி நீர்த்துப்போகும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1982-இல் தந்த எல்லைகளின்படி ஆண்டுச் சராசரி 25 மைக்ரோகிராமைத் தாண்டினாலே மிகையூட்ட நிலை. நம் 40 ஒரே நாளின் எண் என்பதால், அந்த அளவுகோலில் வைத்து அதை வகைப்படுத்த முடியாது; பருவந்தோறும் எடுத்த மாதிரிகள் வேண்டும்.

ஆகாயத்தாமரை மூடிய குளத்துக்கு இந்த முறை பொருந்துவதே இல்லை. இலைகள் வெயிலை மறைத்துவிடுவதால் கீழே பாசி வளராது. ஊட்டச்சத்தும் செடியின் உடலில் ஏறியிருக்கும். வடிதாள் வெளுப்பாக வரும், குளோரோபில் எண் ஒற்றை இலக்கத்தில் நிற்கும், சாக்கடை நீரோ வந்துகொண்டேயிருக்கும். கார்ல்சனின் குறியீடு மிதக்கும் பாசி ஆளும் ஏரிகளுக்காக அமைந்தது. அத்தகைய குளங்களின் அறிக்கையில் நாங்கள் வகைப்பாட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டு, செடி மூடிய பரப்பின் விழுக்காட்டையும் மொத்தப் பாஸ்பரசையும் மட்டும் எழுதுகிறோம்.