பகுதித் தொகை கட்டிய பிறகு: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

வீட்டுக் கடன் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், கையில் ஒரு தொகை சேர்ந்ததும் அதைக் கடனில் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். "தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கடன் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், எது லாபம்?" என்பார்கள். காலத்தைக் குறைப்பதுதான் லாபம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பார்கள். கணக்குப்படி அது சரிதான். ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் முடிவு மாறக்கூடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடன் 30 லட்சம், வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை 26,992 வரும். 5 ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 26.61 லட்சம் இருக்கும். தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பதால் இப்படி. இந்த நேரத்தில் 5 லட்சம் கட்டுகிறீர்கள். பாக்கி 21.61 லட்சமாகிறது.

காலத்தை அப்படியே 15 ஆண்டுகளாக வைத்தால் தவணை 21,920 ஆகக் குறையும். இனிக் கட்டவேண்டிய வட்டி சுமார் 17.8 லட்சம். தவணையை அப்படியே 26,992 ஆக வைத்தால் 180 மாதங்களுக்குப் பதில் 123 மாதங்களில் கடன் முடியும். வட்டி சுமார் 11.5 லட்சம். இரண்டுக்கும் இடையே 6 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் காலத்தைக் குறைக்கும் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டிலும் வட்டி விகிதம் அதே 9 சதவீதம்தான். வட்டி மிச்சமாவதற்குக் காரணம், நீங்கள் மாதாமாதம் 5,072 கூடுதலாகக் கட்டுவது. தவணையைக் குறைத்துக்கொண்டு, அந்த 5,072ஐ ஒவ்வொரு மாதமும் தவணை நாளிலேயே அசலில் கட்டிவந்தாலும் கடன் அதே 123 மாதங்களில்தான் முடியும், வட்டியும் அதேதான். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றில் அந்த 5,072 உங்கள் கடமை, இன்னொன்றில் உங்கள் விருப்பம்.

அதனால் வருமானம் ஆட்டம் காணக்கூடிய வீடுகளுக்குத் தவணையைக் குறைக்கவே சொல்கிறேன். கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் நம்பி வாங்கிய கடனில் ஒருவர் வேலையை விடும் நிலை வரலாம். அந்த மாதம் கூடுதல் தொகையை நிறுத்திக்கொண்டால் போதும், தவணை தவறாது. காலத்தைக் குறைத்துவிட்டவர் பிறகு போய் "பழையபடி நீட்டித் தாருங்கள்" என்று கேட்டால், அது புதிய பரிசீலனை. வருமானம் குறைந்திருக்கும் நேரத்தில் அதற்கு ஒப்புதல் கிடைப்பது கடினம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சிறு தொகைகளை அடிக்கடி கட்டக் கடன் கொடுத்தவர் அனுமதிக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை, கட்டணம் ஏதாவது இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். அப்புறம், மனத்தையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் 5,072 வேறு செலவில் கரையும் என்று தெரிந்தால், வருமானமும் நிலையாக இருந்தால், காலத்தைக் குறைப்பதே நல்லது. தவணை கைக்கு எட்டாத சேமிப்பாக இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள். "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்றோ, "காலம் மாறாமல் தவணையைக் குறைக்கவும்" என்றோ தெளிவாக எழுதுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் தங்கள் வழக்கப்படி ஏதோ ஒன்றைச் செய்துவிடுவார்கள். இதைவிடக் கவலைப்பட வேண்டியது, தொகை அசலில் கழியாமல் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைக்கப்படுவது. அப்படி ஆனால் பணம் போயும் வட்டி குறையாது.

இதைக் கண்டுபிடிக்கப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாத வட்டி என்ற ஒரே எண்ணைப் பாருங்கள். மாத வட்டி, பாக்கி அசலில் 0.75 சதவீதம். நம் உதாரணத்தில் 19,959 ஆக இருந்த வட்டி 16,209 ஆக இறங்க வேண்டும். மாத நடுவில் கட்டியிருந்தால் முதல் மாதம் முழுதாக இறங்காமல் போகலாம், இரண்டாம் மாதம் இறங்கியே ஆகவேண்டும். அப்போதும் 19,900 பக்கமே நின்றால் அந்த 5 லட்சம் அசலில் சேரவில்லை. கட்டிய ரசீதோடு உடனே போய் திருத்தச் சொல்லுங்கள், கட்டிய தேதியிலிருந்தே வட்டியை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.