ஆட்குறைப்புக்குப் பிறகு எந்தப் பாட்டை முதலில் கேட்பது?

ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்த அன்றே வாட்ஸ்அப்பில் பாட்டுகள் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் எழுச்சிப் பாடல்கள். தாளம் அதிரும், வரிகளில் வெற்றியும் வானமும் மலையும் இருக்கும். அனுப்புகிறவர்கள் அக்கறையோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்வது இதுதான்: “பாதியிலேயே நிறுத்திட்டேன் மேடம், எரிச்சலா வந்துச்சு. மத்தவங்களுக்கெல்லாம் தெம்பு கொடுக்கிற பாட்டு எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு தெரியல.” இதில் அவரிடம் எந்தக் குறையும் இல்லை. அந்தப் பாட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

இசைச் சிகிச்சையில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940களில் சொன்னது, ‘ஐசோ கொள்கை’ என்று பெயர். முதலில் ஒருவரின் இப்போதைய மனநிலைக்குப் பொருந்தும் இசையைக் கொடுக்க வேண்டும், அது அவரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக இசையை நாம் விரும்பும் பக்கம் நகர்த்த வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே துள்ளல் இசையைப் போட்டால் அவர் மனம் அதோடு சேராது, இன்னும் விலகித்தான் போகும். நான் ஆலோசகர், இசைச் சிகிச்சை தனிப் படிப்பு. ஆனாலும் வேலை இழந்தவர்களோடு உட்காரும்போது இந்த ஒரு கொள்கை எனக்குத் தொடர்ந்து உதவுகிறது.

நம் சினிமாவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. வாய்ப்புகள் கிடைக்காமல் வெறுத்துப்போய் சென்னையை விட்டே கிளம்ப முடிவுசெய்திருந்த கவிஞர் வாலிக்கு, பி.பி. ஸ்ரீநிவாஸ் தான் பாடிய ‘மயக்கமா கலக்கமா’ பாடலைப் பாடிக் காட்டினார். அதைக் கேட்டுத்தான் கிளம்பும் முடிவையே மாற்றிக்கொண்டதாக வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். 1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டு. அது எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். எழுந்து நில், போராடு என்று தொடங்கவில்லை. உன் மனசு குழம்பியிருக்கிறதா என்று கேட்கிறது, மெதுவான குரலில். கேட்பவர் மனசுக்குள் ‘ஆமாம்’ என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுத்த பிறகுதான் அறிவுரைப் பக்கமே வருகிறது. அந்த ‘ஆமாம்’ சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்கும் கீழே கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று அந்தப் பாட்டின் பிற்பகுதி தரும் ஆறுதல் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் வேலை செய்வதில்லை. “எனக்காவது வீடு இருக்கு, சேமிப்பு இருக்கு, இதுக்குப் போய் அழலாமா” என்று தன் துக்கத்தைத் தானே அடக்கிக்கொள்கிறவர்களுக்கு அது இன்னொரு பூட்டாக ஆகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களிடம் நான் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி ஒருவரைப் பற்றி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வயது 46, சிங்கப்பூரில் ஈசூனில் வீடு, உட்லண்ட்ஸில் ஒரு சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் காதில் ஹெட்ஃபோனை மாட்டி அதே பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைக் கேட்பார், வருஷக்கணக்காக. ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு அந்தப் பாட்டுகளில் எதையும் அவரால் கேட்க முடியவில்லை. ஒன்று ஓடினால் போதும், பஸ் ஜன்னலும் கேட்டில் அட்டையைத் தட்டும் சத்தமும் உடனே வந்துவிடும். பகலில் நண்பர்கள் அனுப்பும் எழுச்சிப் பாடல், அதையும் நிறுத்திவிடுவார். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு ஒரே ஒரு சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருப்பார், சில நாள் இரண்டு மணி ஆகிவிடும். அவர் மனைவி பயந்துபோய்த்தான் என்னிடம் அழைத்து வந்தார். “அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க மேடம்” என்பதுதான் அந்த அம்மா முதலில் கேட்டது.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பாட்டு முடியும்போது என்ன நடக்கிறது என்று அவரிடம் கேட்டேன். இது முக்கியமான கேள்வி. சோகப் பாட்டு கேட்டு அழுது, முடிந்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாகி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க முடிகிறது என்றால் அது ஆறுதல்தான், அதில் கை வைக்கத் தேவையில்லை. முடிந்ததும் அதே கேள்வி (“ஏன் என்னை மட்டும் எடுத்தாங்க, அந்த ஜூனியர் பையனை ஏன் வச்சுக்கிட்டாங்க”) மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது, அதனால்தான் மறுபடி பட்டனை அழுத்துகிறோம் என்றால் அது சுழற்சி. ஒரே நினைப்பைத் திருப்பித் திருப்பி அரைக்கும் இயல்பு உள்ளவர்களுக்குச் சோக இசை மனநிலையை இன்னும் கீழே இறக்கிவிடும் என்று ஆஸ்திரேலியாவில் சாண்ட்ரா கரிடோ, எமரி ஷூபர்ட் ஆகியோர் செய்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இவருக்கு நடந்தது இரண்டாவது வகை. அதனால் பாட்டை எடுக்காமல், அது இருக்கும் இடத்தை மாற்றினோம்.

ஏழு பாட்டு, மொத்தம் அரை மணி நேரம், இரவு எட்டரைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு. படுக்கையிலோ சோபாவில் படுத்துக்கொண்டோ அல்ல, உட்கார்ந்து. முதல் பாட்டு அந்தச் சோகப் பாட்டேதான், ஆனால் ஒரே ஒரு தடவை. இரண்டாவதும் சோகம், ஆனால் வேறு யாரோ பாடியது. இந்தச் சின்ன மாற்றத்துக்கே காரணம் இருக்கிறது. ஒரே பாட்டு சுற்றிக்கொண்டிருந்தால் மனமும் அதோடு சுற்றும், அடுத்த பாட்டு என்று ஒன்று வந்தால் நேரம் முன்னால் நகர்கிறது என்பதை உடம்பே உணரும்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கத்தான் அவர் திணறினார். அந்த இடத்தில் அறிவுரை சொல்லும் பாட்டு கூடாது என்று சொல்லியிருந்தேன். வேகம் மிதமாக இருக்கணும், மெட்டு இதமாக இருக்கணும், வரிகள் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. தாலாட்டு, மழைப் பாட்டு, வரிகளே இல்லாத புல்லாங்குழல், எதுவும் சரி. அவர் கடைசியில் ஒரு வீணை இசையையும் இரண்டு பழைய மெலடிகளையும் எடுத்தார். பெரும்பாலானவர்கள் இந்த நடுப்பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள், சோகத்திலிருந்து நேராக எழுச்சிக்குத் தாவப் பார்க்கிறார்கள். அப்படித் தாவினால் பாட்டு ஓடும் நாலு நிமிஷத்துக்கு ஒரு வேகம் வரும், அடங்கியதும் முன்பைவிட வெறுமையாக இருக்கும்.

கடைசி இரண்டு பாட்டுகளுக்கு ஒரு நிபந்தனை வைத்தேன்: வரிகள் தன்னம்பிக்கையைப் பற்றி இருக்க வேண்டியதில்லை, நீங்கள் ஏதோ ஒன்றைத் திறமையாகச் செய்த காலத்து நினைவு அதில் இருக்க வேண்டும், அதுவும் இந்தக் கம்பெனிக்கு முந்தைய நினைவாக. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகள் அந்தக் காலத்து நினைவுகளை மற்ற வயதுப் பாட்டுகளைவிடத் தெளிவாகக் கொண்டுவரும். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு சொன்னார், பதினாலு வயதில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டியின் கேசட் பிளேயர் நாடாவைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்ததாம், இவர் அதைத் திறந்து, ரப்பர் பெல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, வேறொரு பழைய பிளேயரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிப் போட்டாராம். ஓடுகிறதா என்று பார்க்கத் தன் அண்ணனின் தமிழ் கேசட்டைப் போட்டார். அந்தப் பாட்டு ஒரு சாதாரணக் காதல் பாட்டு. அதைத்தான் ஏழாவதாக வைத்தோம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, அந்தப் பாட்டில் நம்பிக்கை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் இயந்திரம் எங்கே பழுது என்று தானே கண்டுபிடிக்கும் ஒரு பையன் அதில் இருக்கிறான். அந்தத் திறமையைக் கம்பெனி கொடுக்கவில்லை, அதனால் கம்பெனியால் எடுக்கவும் முடியாது என்று நான் சொல்லவில்லை, இரண்டாவது வாரம் அவரே சொன்னார்.

பாட்டு முடிந்ததும் பத்து நிமிஷ வேலை ஒன்று உண்டு. தான் சரிசெய்த ஏதாவது ஒரு பழுதை ஒரு வரியில் எழுத வேண்டும்: எந்த இயந்திரம், என்ன கோளாறு, எவ்வளவு நேரம் நின்றிருந்தது, எப்படிக் கண்டுபிடித்தார். பாட்டு கொடுக்கும் சூடு ஆறுவதற்குள் கையில் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது. சில வாரங்களில் அந்த வரிகளே அவருடைய புதிய சுயவிவரக் குறிப்பில் போய் உட்கார்ந்தன. எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. ஒரு நேர்காணலில் பதில் வராமல் போன வாரம், அவரால் மூன்றாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. அன்று அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்றேன். வலுக்கட்டாயமாக ஏழாவது வரைக்கும் ஓட்டினால் அந்த நல்ல பாட்டும் கெட்டுப்போகும். கம்பெனி பஸ் பாட்டுகளை இன்னும் அவர் தொடவில்லை, தொட வேண்டிய அவசரமும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்குக் கணக்கு வேறு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் இங்கே தங்க வழக்கமாக 30 நாள்தான் கையில் இருக்கும், அந்த 30 நாளும் ஊர்ப் பாட்டுகள் ரொம்ப இழுக்கும். சோக இசை மனிதர்களிடம் அதிகம் எழுப்பும் உணர்வு பழைய நினைவின் ஏக்கம்தான் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. ஊர்ப் பாட்டை முதல் இரண்டு இடத்தில் வையுங்கள், தூங்கப் போகும் முன் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: “ஏன் எப்பப் பார்த்தாலும் இந்த அழுகைப் பாட்டு” என்று கேட்காதீர்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை சேர்ந்து கேளுங்கள், அப்புறம் எந்த வரி பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். அந்த டெக்னீஷியனின் மனைவி அப்படிக் கேட்ட அன்றுதான், அந்த ஜூனியர் பையனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பதை அவர் முதல் தடவையாக வீட்டில் சொன்னார்.

பாட்டு செய்யாத வேலைகளும் இருக்கின்றன. வீட்டுக் கடனைப் பாட்டு கட்டாது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மிகாமல் இருந்த சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 6 மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறது, அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ சரியாக இல்லை, பிடித்த பாட்டே ஒன்றும் செய்யவில்லை, எதைக் கேட்டாலும் மரத்துப்போனது போல இருக்கிறது என்றால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1767இல் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.