நின்ற பிரிண்டரின் சுவிட்சை அணைக்காதீர்கள்

தவணைப் பரீட்சை நெருங்கினால் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை ஒரே முறைப்பாடுதான். "பாதியில் நின்றுவிட்டது, ஓஃப் பண்ணிப் போட்டேன், இப்போ பேப்பர் சிக்கிக் கிடக்கு." திறந்து பார்த்தால், டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பியூசரின் மெல்லிய பிலிம் கிழிந்திருக்கும்.

நீண்ட வேலையின் நடுவே லேசர் பிரிண்டர் நிற்பது பெரும்பாலும் பழுதல்ல. டோனர் முடிந்ததாலும் அல்ல, வைரஸாலும் அல்ல. திரையில் `Cooling Down` என்று வரும், அல்லது விளக்கு மட்டும் மினுங்கும். உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்கும். சில நிமிடங்களில் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்தால் விசிறியும் நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கும், நடுவழியில் தாள் இருந்தால் அது பியூசருக்குள் மாட்டிக்கொள்ளும். அதைக் கத்தரிக்கோலாலோ ஸ்க்ரூடிரைவராலோ கிண்டி எடுக்கும்போதுதான் பிலிம் கிழிகிறது. தயவுசெய்து கிண்டாதீர்கள்.

அதிகம் மாட்டுவது A5 வினாத்தாள்தான். A4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், பியூசரும் அந்த அகலத்துக்குச் சூடாகிறது. A5 தாளை நெடுக்காக விட்டால் அகலம் 148 மட்டுமே. தாள் நடுவே ஓடும் பிரிண்டரில் இரு பக்கமும் 31 மில்லிமீட்டர் வெறுமையாக இருக்கும். நடுப்பகுதிச் சூட்டைத் தாள் எடுத்துப் போகிறது. ஓரச் சூட்டை எடுத்துப்போக எதுவுமில்லை. ஓரம் எல்லை தாண்டியதும் பிரிண்டர் வேகத்தைக் குறைக்கும், பிறகு நிற்கும். கச்சான் வீசும் மாதங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சிறிய லேசர் பிரிண்டர்கள் பலவற்றின் கையேட்டில் அறை வெப்பத்துக்குச் சுமார் 32 பாகைதான் எல்லை. தகரக் கூரைக் கடையில் மத்தியானத்தில் அது எப்போதோ தாண்டிவிடும்.

400 வினாத்தாள் வேண்டுமென்றால் 400 A5 தாளை ஓடவிடாதீர்கள். ஒரு A4 தாளில் இரண்டாக அமைத்து 200 தாள் அடித்து நடுவே வெட்டுங்கள். ஐம்பது ஐம்பதாக அனுப்பினால் நல்லது. A5 தாளையே போடவேண்டுமானால், உங்கள் பிரிண்டர் ஏற்குமா என்று பார்த்து நீளப்பக்கம் முன்னே போகும்படி குறுக்காக வையுங்கள், டிரைவரிலும் அப்படியே தெரிவு செய்யுங்கள். காற்று வெளியேறும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கவே கூடாது. நின்றதைப் பார்த்து மறுபடி பிரிண்ட் கொடுக்கவும் வேண்டாம். முதல் வேலை வரிசையிலேயே இருப்பதால் இரட்டிப்பாக வந்து விழும்.

இங்க் டாங்க் பிரிண்டரில் கதை வேறு. இரண்டு பக்கமும் அடிக்கும்போது முதல் பக்க மை காயட்டுமென்று தாளைப் பாதி வெளியே நீட்டிக் காத்திருக்கும், பிறகு உள்ளே இழுக்கும். முடிந்துவிட்டதென்று உருவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினால் மை தெளிக்கும் ஹெட் மூடியில்லாமல் நின்று காய்ந்துவிடும்.

லேசர் பிரிண்டர் A4 தாளில் ஐந்தாறு பக்கத்துக்குள்ளேயே நிற்கிறதா, விசிறிச் சத்தமே இல்லையா? அப்போது திருத்துபவரிடம் கொண்டு போங்கள், விசிறியைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.