வெள்ளைத் திட்டு பயமில்லை, அடியில் உறைந்த சாறுதான் பயம்

அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கறிப் பொட்டலங்களோடு வந்து நின்றார். நான் உணவுப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் இப்படி அடிக்கடி நடக்கும். "தம்பி, இந்தக் கோழியில் பூஞ்சை பிடிச்சிருக்கு, தூக்கிப் போட்டுடவா?" என்றார். கூட இருந்த மட்டன் பொட்டலத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. அது பளிச்சென்று இருந்தது.

கோழியின் மேல் சாம்பல் வெள்ளையில் திட்டுத் திட்டாக இருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்தேன். மேலே படிந்திருந்த பனி கரைந்து போனது, அடியில் இருந்த திட்டு போகவில்லை. தொட்டால் காய்ந்த தோல் போல வறண்டிருந்தது. இதுதான் ஃப்ரீசர் பர்ன். கற்பூரம் உருகாமலே காற்றில் கரைவது போல, கறியில் உறைந்த நீரும் உருகாமலே ஆவியாகிவிடும். அந்த இடம் மட்டும் வற்றிப்போகும். போன ஆவிதான் கவருக்குள்ளேயே பனியாகப் படிகிறது. கடையில் கொடுத்த மெல்லிய கவரில், காற்றோடு முடிச்சுப் போட்டு நான்கு மாதம் வைத்திருந்தார், வேறென்ன ஆகும்?

மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராது. அதனால் இந்தக் கோழியைச் சாப்பிடலாம். திட்டு இருக்கும் இடத்தைச் சீவி எடுத்துவிட்டுக் குழம்பு வைத்தால் போதும். வறுவலுக்கு வேண்டாம், நார்நாராக இருக்கும். கொழுப்பு காறிப்போய் வாடை வந்தால் தூக்கிப் போடலாம், அதுகூட ருசிக்காகத்தான்.

அப்புறம் மட்டனைத் திருப்பிப் பார்த்தேன். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாக இருந்தன. கவரின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு பனித்தகடு. கறி இளகிச் சாறு வடிந்து, திரும்ப உறைந்த அடையாளம் அது. ஈரத்தோடு கட்டிய பச்சைக் கறியிலும் கொஞ்சம் இப்படி வரும் என்பதால், எப்போது வாங்கியது என்று கேட்டேன். உறைந்த கறியாக ஆர்டர் செய்ததாம். காலை பத்து மணிக்கு வந்த பார்சல் மத்தியானம் மூன்று வரை வாட்ச்மேன் மேஜையில் இருந்திருக்கிறது. எடுத்தபோது 'மெத்தென்று' இருந்ததாம், உடனே ஃப்ரீசரில் போட்டுவிட்டாராம்.

இளகிய கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் பெருகிய பாக்டீரியாவை ஃப்ரீசர் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். சில வகை பாக்டீரியா விட்டுப்போகும் நஞ்சு, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் போகாது. உறைந்திருக்கும்போது நாற்றமும் தெரியாது.

"எழுநூறு ரூபா தம்பி!" என்று முனகிக்கொண்டே மட்டனைக் குப்பையில் போட்டார்.

மாலையில் ஒரு தூக்கில் கோழிக் குழம்பு வந்தது. ஒரு துண்டு மட்டும் சக்கையாக இருந்தது. அக்கா அந்தத் திட்டைச் சீவவே இல்லை.