டைஎலெக்ட்ரிக்: கடத்தாதது வேறு, நுழைய விடுவது வேறு

சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைக்கும் பொருளைப் பள்ளியில் அவர்கள் டைஎலெக்ட்ரிக் என்றுதான் படிக்கிறார்கள். தமிழில் அதை மின்கடத்தாப் பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். மண்டபத்தில் தமிழில் பேசுவோம் என்பது என் பிடிவாதம். போன வாரம் ஒரு தம்பியிடம், மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்தால் தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு அது தேக்கும் மின்னூட்டம், ஏன் கூடுகிறது என்று கேட்டேன். "கண்ணாடி மின்கடத்தாப் பொருள் சார். மின்சாரம் அந்தப் பக்கம் ஓடிப்போகாமல் தடுக்குது. அதனால நிறையச் சேருது" என்றான்.

இந்தப் பதிலை நான் கேட்பது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தவறு பையனுடையது இல்லை, சொல்லினுடையது. தமிழ்ப்பள்ளியில் ரப்பரும் மரக்கட்டையும் மின்கடத்தாப் பொருள் என்று படித்தவன், அதே பெயரை மின்தேக்கிக்குள் பார்த்தால் தடுப்புச் சுவரைத்தானே நினைப்பான்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபாரடேக்கு 1830-களில் டைஎலெக்ட்ரிக் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹியூவெல். ஆனோடு, கேத்தோடு என்ற பெயர்களும் அவர் யோசனைதான். 'டையா' என்றால் கிரேக்கத்தில் ஊடே, வழியாக. மின்விசை ஊடே செல்லும் பொருள் என்பதே கருத்து. ஃபாரடே 1837-இல், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த பித்தளைக் கோளங்களுக்கு நடுவே கண்ணாடி, கந்தகம், அரக்கு ஆகியவற்றை வைத்துப் பார்த்தார். காற்று இருந்ததைவிட அதிக மின்னூட்டத்தை அவை ஏற்றன. ஆக, மூலச்சொல் 'ஊடே போகிறது' என்கிறது. நம் மொழிபெயர்ப்போ 'போகாது' என்கிறது. இரண்டுக்கும் நடுவே கடலே இருக்கிறது.

டைஎலெக்ட்ரிக்குக்கு 'காப்பு' என்று முடியும் சொற்களைப் போட்டாலும் இதே கோளாறுதான். இன்சுலேட்டர் ஒரு வேலையின் பெயர், டைஎலெக்ட்ரிக் வேறொரு வேலையின் பெயர். ஒரே பொருள் இரண்டு வேலையையும் செய்யலாம். அதற்காக வேலைகள் ஒன்றாகிவிடுமா? தோட்டத்தில் பால் வெட்டுகிறவரே கோயிலில் உடுக்கையும் அடிக்கிறார் என்பதற்காக, பால்வெட்டும் உடுக்கையும் ஒன்று என்று அகராதி போட முடியாது.

தம்பியின் விளக்கம் சரியென்றால், நன்றாகத் தடுக்கும் பொருள்தான் தேக்குத்திறனை அதிகம் கூட்டவேண்டும். வெற்றிடத்தில் மின்சாரத்தைத் தூக்கிச் செல்லவே ஆள் இல்லை. ஆனால் அதன் K, அதாவது தேக்குத்திறனை எத்தனை மடங்கு ஆக்கும் என்ற எண், வெறும் 1. டெஃப்லான் அருமையான காப்புப் பொருள், அதன் K 2.1 அளவில்தான். தண்ணீர் மோசமான காப்பு, அதற்கோ K ஏறக்குறைய 80. தடுப்பதும் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல.

பின் எது கூட்டுகிறது? 10 சென்டிமீட்டர் சதுரத் தகடுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இடைவெளி 1 மில்லிமீட்டர், நடுவே காற்று. தேக்குத்திறன் ஏறத்தாழ 88.5 பிகோஃபாரட். 100 வோல்ட் மின்கலத்தில் மாட்டி எடுத்தால் ஒரு தகட்டில் +8.85 நானோகூலோமும், மற்றதில் அதே அளவு எதிர்க்குறியிலும் நிற்கும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, இடைவெளியை நிரப்பும்படி K 5 உள்ள கண்ணாடித் தகட்டைச் செருகுகிறோம். மின்னூட்டம் எங்கும் போகவில்லை, ஆனால் மின்னழுத்தம் 20 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. (சாதாரண மல்ட்டிமீட்டரை வைத்து அளக்கப் போகாதீர்கள். மீட்டரே ஒரு கண்ணிமைப்புக்குள் மின்னூட்டத்தை உறிஞ்சிவிடும். இதற்கு எலெக்ட்ரோமீட்டர் வேண்டும்.)

கண்ணாடிக்குள் எலெக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டவை, ஓட முடியாது. ஆனால் அசையலாம். தகடுகளின் மின்புலம் எலெக்ட்ரான் முகிலை நேர்த்தகட்டுப் பக்கம் சற்றே இழுக்கிறது. 'சற்றே' என்றால் அணுக்கருவின் அகலத்தைவிடவும் குறைவு. காலைப் பெரட்டில் ஆட்கள் நீள வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கங்காணி சொல்ல, எல்லாரும் வலப்பக்கம் அரை அடி நகர்கிறார்கள். நடுவில் பார்த்தால் மாற்றமே தெரியாது, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர். வலக்கோடியில் மட்டும் ஓர் ஆள் வெளியே துருத்துகிறார், இடக்கோடியில் கொஞ்சம் இடம் காலி. கண்ணாடியிலும் அப்படித்தான். உள்ளே நேரும் எதிரும் சரிக்குச் சரி. நேர்த்தகட்டை ஒட்டிய முகத்தில் எதிர் மின்னூட்டமும், எதிர்த்தகட்டை ஒட்டிய முகத்தில் நேர் மின்னூட்டமும் வெளித்தெரிகின்றன. இதுதான் முனைவாக்கம். யாரும் வரிசையை விட்டு ஓடவில்லை என்பதால் அவை கட்டுண்ட மின்னூட்டங்கள்.

நம் கணக்கில் அந்த முகங்களில் தோன்றுவது 7.08 நானோகூலோம். தகட்டின் 8.85-இல் இது கழிய, மின்புலத்தை உண்டாக்க மிஞ்சுவது 1.77, ஐந்தில் ஒரு பங்கு. மின்புலம் ஐந்திலொன்றானால் மின்னழுத்தமும் ஐந்திலொன்று. அதே மின்னூட்டத்தை ஐந்திலொரு பங்கு அழுத்தத்தில் வைத்திருப்பதால் தேக்குத்திறன் ஐந்து மடங்கு, 442.5 பிகோஃபாரட். மின்கலத்தைக் கழற்றாமல் செருகியிருந்தால் அழுத்தம் 100-இலேயே நிற்கும், மின்கலம் புதிதாக மின்னூட்டம் அனுப்பி 44.25 நானோகூலோம் வரை நிரப்பும். எந்தக் கணக்கிலும் 'ஓடிப்போகாமல் தடுத்தது' என்ற வரி வரவில்லை.

தம்பி பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். கூரை விசிறியின் மின்தேக்கியில் இருப்பது பாலிப்ரோப்பிலீன் படலம், அதன் K வெறும் 2.2. அங்கே தேக்குத்திறன் பெரும்பாலும் படலத்தின் மெல்லிசிலிருந்து வருகிறது. சில மைக்ரான் தடிப்பிலேயே அந்த அழுத்தத்தைத் தாங்குவது காப்பு வேலைதான். தாங்காத இடத்தில் பொத்து, சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிப் போகும். பூச்சு குறையக் குறையத் தேக்குத்திறனும் இறங்கும், விசிறி சோம்பிச் சுற்றும். இங்கே 'காப்பு' என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலைக்கு அந்தப் பெயர்.

முனைவாக்கும் வேலைக்கு 'மின்னுழையம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுவே. மூலத்தின் 'ஊடே' அதில் இருக்கிறது, K-ஐ மின்னுழைய மாறிலி என்று நீட்டவும் வசதி. மின்சாரம் நுழைகிறது என்று நினைத்துவிடுவார்களே என்று ஒரு நண்பர் இடக்குச் செய்தார். நுழைவது மின்புலம் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. 'கடத்தா'வைச் சரிசெய்யவோ எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போகிறது. மொழிபெயர்ப்பவர்கள் இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கூலி இல்லாத அந்த மிச்ச வேலை மண்டபத்துக்கு வந்து சேருகிறது.

தம்பி லேசில் விடவில்லை. "கடத்துற பொருளை வச்சா தேக்குத்திறன் கூடாதுதானே சார்?" என்றான். அரை மில்லிமீட்டர் தடித்த அலுமினியத் தகட்டை, இரண்டு பக்கமும் தொடாமல் நடுவில் நிறுத்தச் சொல்லிக் கணக்குக் கொடுத்தேன். உலோகத்துக்குள் மின்புலம் சுழி, மிஞ்சும் இடைவெளி பாதி. போட்டுப் பார்த்துவிட்டு 177 பிகோஃபாரட் என்று எழுதினான். பக்கத்தில், கண்ணாடிக்காக எழுதியிருந்த 'மின்கடத்தாப் பொருள் என்பதால்' என்ற காரணத்தை அவனே அடித்தான்.