ஆனையிறவா, சங்குப்பிட்டியா? ஒளிப்படத்தில் ஒரு கிலோமீற்றர் கல்

இருபுறமும் கடல்நீரேரி, நடுவே நேர்கோடாக ஓடும் தார்வீதி, ஓரத்தில் ஒரு கிலோமீற்றர் கல். "யாழ்ப்பாணம் செல்லும் வழி" என்ற குறிப்புடன் பகிரப்படும் இத்தகைய ஒளிப்படத்தில் பனைமரமும் தமிழ் எழுத்தும் மட்டுமே தெரிந்தால், அவை தமிழ்நாட்டின் இராமநாதபுரத்தையும் காட்டக்கூடும். இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதால் அதுவும் உதவாது.

இங்கு முதலில் நோக்க வேண்டியது எச்சரிக்கைப் பலகையின் வடிவம். 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை எச்சரிக்கைக்கு முக்கோணம், சாய்சதுரம் ஆகிய இரண்டையும் அனுமதிக்கிறது. இந்தியாவில் சிவப்பு விளிம்புள்ள முக்கோணமும் இலங்கையில் மஞ்சள் சாய்சதுரமும் வழக்கில் உள்ளன. எழுத்து வாசிக்க முடியாத தொலைவிலும் வடிவம் தெரியும் என்பதே இதன் பலம். எண்கோண நிறுத்தற் பலகை பல நாடுகளுக்குப் பொதுவானது. அதனால் பயன் குறைவு. வீதியோரக் குட்டைத் தூண்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு நீண்ட தூரத்துக்கு நடப்படுவதால், நாட்டை ஊகிக்க உதவினாலும் இடத்தைச் சொல்லமாட்டா.

இடத்தைச் சொல்வது கல்லிலுள்ள எண்தான். அது அண்மையிலுள்ள ஊருக்கான தூரமன்று. அந்த வீதி தொடங்கும் இடத்திலிருந்து அளந்த தூரம். A9 வீதி கண்டியில் தொடங்கி ஏறத்தாழ 320 கிலோமீற்றரில் யாழ்ப்பாணத்தை அடைகிறது. ஆனையிறவு யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தெற்கே உள்ளதால், அங்குள்ள கல்லில் 270-ஐ ஒட்டிய எண் இருக்க வேண்டும். A32 வீதியோ நாவற்குழியில் தொடங்கி, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மன்னாரை நோக்கிச் செல்வது. எனவே 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தருகே நீரேரி அதே தோற்றத்தில் இருந்தாலும், கல்லில் மிகச் சிறிய எண்ணே இருக்கும். மூன்று இலக்கம் தெரிந்தால் அது சங்குப்பிட்டி அன்று.

எண் பாதி மறைந்திருப்பதே வழமை. கடைசி இலக்கம் புல்லில் மறைந்து "27" மட்டும் தெரிந்தால், அடுத்தடுத்த பத்துக் கற்களுள் ஒன்று என்பதற்கு மேல் சொல்ல முடியாது. அந்தப் பத்துக் கிலோமீற்றருக்குள் நிலத்தோற்றம் பெரிதும் மாறாதிருக்கலாம். நடு இலக்கம் உதிர்ந்து "2", "1" மட்டும் எஞ்சினால் நிலைமை, எதிர்பார்ப்புக்கு மாறாக, எளிதாகிறது. 201, 211 எனத் தொடங்கி 291 வரை வரக்கூடிய பத்து இடங்களும் பத்துப் பத்துக் கிலோமீற்றர் இடைவெளியில் சிதறியிருப்பதால், காடும் வயலும் பனந்தோப்புமாக உள்ளவற்றை நீக்கிவிட்டு, நீரேரியை ஒட்டிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீதி எண்ணை வேறு வழியில் உறுதிசெய்த பின்னரே இந்தக் கணக்குச் செல்லுபடியாகும், ஏனெனில் 271ஆவது கல் நாட்டின் வேறொரு நீண்ட வீதியிலும் இருக்கலாம்.

வீதி அகலிக்கப்படும்போது கற்கள் பிடுங்கப்பட்டுச் சற்றுத் தள்ளி நடப்படுவதும், வளைவுகள் நேராக்கப்பட்டுத் தூரம் குறைவதும் உண்டு. ஆகையால் கல்லிலிருந்து கணித்த இடத்தைச் செய்மதிப் படத்தில் பார்க்கும்போது, இரு பக்கமும் ஒரு கிலோமீற்றர் வரை தேடி, மதகு, வளைவு, மின்கம்ப வரிசை ஆகியன ஒளிப்படத்தோடு ஒரே ஒழுங்கில் பொருந்துகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும்.