கிழித்த ஓரத்தில் இருந்து ஒரு முகம்

திருகோணமலையில் சித்திரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மம்மாவின் ஃபோட்டோவைப் பார்த்து நாலு நிறத் தாளில் முகம் செய்தேன். கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினால் முகமூடி மாதிரி இருக்கு. கையால் கிழித்தால் கன்னத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுது. ஏன்?"

இரண்டு தொல்லைக்கும் விடை தாளின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன் ஃபோட்டோ. இங்கே வெயில் கடல் பக்கமிருந்து எழுவதால், காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் எடுத்த படத்தில் முகத்தின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி நிழலாகவும் பிரிந்து நிற்கும். நடுப்பகல் படத்தில் கண்குழி இரண்டும் கறுத்துவிடும், அது வேண்டாம். கணினியில் GIMP என்ற படத்திருத்த மென்பொருள் இருந்தால் `Desaturate`, `Gaussian Blur`, `Posterize` என்ற வரிசையில் செய்து, கடைசியில் அளவை 4 என்று வையுங்கள். மங்கலாக்கும் படியைத் தவிர்த்தால் கடுகளவு தீவுகள் நிறைய வரும், அவற்றை விரலால் கிழிக்க முடியாது.

தாள்களை நிறம் பார்த்து எடுக்காமல் வெளிச்ச அளவு பார்த்து எடுக்க வேண்டும். நாலையும் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். கடும் சிவப்பும் கடும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒட்டிய பிறகு மூக்கு கன்னத்தில் கரைந்துவிடும். கிறீம், கடுகு மஞ்சள், செங்கபிலம், கடும் நீலம் என்ற நாலும் பொதுவாக நன்றாகப் பிரியும்.

இனி ஓரம். தாள் செய்யும்போது நீரில் கரைத்த கூழ் ஓடும் வலைமேல் விழுகிறது. ஓட்டத்தின் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடுகின்றன. அந்தத் திசையில் கிழித்தால் கிழிசல் நார்களுக்கு இடையே ஓடி நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் ஒவ்வொரு நாரையும் பிடுங்கவோ சுற்றிப்போகவோ வேண்டும், அதனால் வளைந்து நெளியும். மூலையில் இரு திசையிலும் சிறு கீற்றுக் கிழித்துப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். சேலைக் கரைக்கும் கழுத்துக் கோட்டுக்கும் நார்த்திசை. கன்னத்துக்கும் கூந்தலுக்கும் குறுக்குத்திசை.

வெள்ளைக் கோடு வருவதற்குக் காரணம் வேறு. பளபளப்பான சஞ்சிகைத் தாளில் மையும் பூச்சும் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும், உள்ளே வெள்ளை நார். கிழிசல் தாளின் தடிப்பைச் செங்குத்தாக அறுக்காமல் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவு ஒரு துண்டில் மேல்நோக்கித் திறந்து, இரண்டு மில்லிமீற்றர் வெள்ளையைக் காட்டும். மற்றத் துண்டில் அது அடியில் ஒளிந்துகொள்ளும். எந்தத் துண்டில் எது வரும் என்பதை எந்தக் கை உங்கள் பக்கம் இழுக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. வீண் தாளில் ஒரு தரம் கிழித்துப் பார்த்து, தேவையான துண்டு எந்தக் கையில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுவதும் சாயம் ஏறிய தாளில் இந்தப் பிரச்சினையே இல்லை.

முகமூடித் தோற்றத்துக்குப் பார்ப்பவரின் கண்தான் பொறுப்பு. இரண்டு வெளிச்ச அளவுகள் சந்திக்கும் இடத்தில் நம் பார்வை வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். 1865இல் பௌதிகவியலாளர் எர்ன்ஸ்ட் மாக் விவரித்த விளைவு இது. கத்தரிக்கோல் ஓரம் அதற்குத் தீனி போடுகிறது. நார் நாராகக் கிழிந்த ஓரம் கடுகு மஞ்சளையும் செங்கபிலத்தையும் மூன்று நாலு மில்லிமீற்றருக்குள் கலந்துவிடுவதால், சற்றுத் தள்ளி நின்றால் ஐந்தாவது நிறமொன்று அங்கே இருப்பதுபோலத் தெரியும். ஆனால் வெள்ளை விளிம்பு இரண்டு நிறத்தையும் விட வெளிச்சமானது. ஆகவே அது கலக்காமல் கோடாகவே நிற்கும். "ஓரம் சுத்தமில்லை" என்று புள்ளி குறைக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வேலையில் நார் ஓரம்தான் நிழலின் சாயலைச் செய்கிறது.

இப்போது அம்மம்மாவின் முகம். A3 அட்டையில் தலை 25 சென்ரிமீற்றர் உயரம். முதலில் முழு முகத்தையும் கடுகு மஞ்சளில் ஒரே துண்டாக ஒட்டுங்கள். அதன்மேல் நிழல் பாதியைச் செங்கபிலத்தில், வெள்ளை அடியில் ஒளியும்படி கிழித்து ஒட்டுங்கள். கண்ணை உறுப்பு உறுப்பாகச் செய்யாதீர்கள்: புருவம், கண்குழி, இமை மூன்றும் சேர்ந்த ஒரே நீலத் துண்டு போதும், அதில் மூன்று மில்லிமீற்றர் கிறீம் பொட்டு. மூக்குத் தண்டின் கிறீம் துண்டில் வெள்ளை விளிம்பு இருந்தால் கெடுதி இல்லை, அது வெளிச்சத்தைக் கூட்டவே செய்யும். நரைக்கு வெள்ளைத் தாளே தேவையில்லை. பளபளப்பான நீலத் தாளைக் குறுக்காக, இம்முறை வெள்ளை மேலே வரும்படி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து அடுக்கினால் ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் ஒரு நரையிழை ஆகிவிடும்.

பசையை மெல்லியதாகப் பூசுங்கள். ஈரத்தில் நார் நீளத்தில் அல்ல, அகலத்தில்தான் அதிகம் ஊதும். காயும்போது சுருங்கித் தாள் சுருளும். கச்சான் காற்றுக் காலத்தில் ஓரங்கள் நடுப்பகுதிக்கு முன்பே காய்ந்து எழும்பும், மாரியில் காயவே நேரம் எடுக்கும். பெரிய துண்டுகளின் நார்த்திசை எல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும். மேலே பொலித்தீன் விரித்து, புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

காய்ந்த பின் மூன்று மீற்றர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் சிறு துண்டுகளைச் சேர்க்க வேண்டாம். பெரும்பாலும் செங்கபில நிழலின் எல்லைதான் பிழையாக இருக்கும், அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றுங்கள்.